அப்பாவின் போனும் சுற்றிக்கொண்டே இருந்த வட்டமும்

நேற்று இரவு எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் அந்த வட்டம். பழி வழக்கம்போலத் தம்பியின் கேம் மீது.

சரி என்று 192.168.1.1 போட்டு ரவுட்டருக்குள் போனேன். இருப்பது நான்கு பேர், பட்டியலில் பதினொரு கருவிகள்! எங்கள் ரவுட்டர் ஒவ்வொன்றின் வேகத்தையும் காட்டும் (எல்லா ரவுட்டரும் காட்டாது). டிவி வாங்கியது சொற்பம்தான். Unknown என்று ஒன்று, டவுன்லோடு ஏறக்குறைய பூஜ்யம், அப்லோடு மட்டும் 9 Mbps. எங்கள் இணைப்பின் மொத்த அப்லோடே 10 தான்.

அப்லோடு அடைத்துக்கொண்டால் டவுன்லோடும் திணறும். டிவி 'வந்து சேர்ந்தது' என்று திருப்பி அனுப்பும் சின்னச் சின்னப் பதில்கள்கூட அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும்.

யாருடையது? அந்தக் கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரி DA என்று தொடங்கியது. இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றானால், பெரும்பாலும் போன் தானே உருவாக்கிக்கொண்ட முகவரி. அதை வைத்துத் தயாரித்த நிறுவனத்தைத் தேடிப் பயனில்லை. அதனால் ஒவ்வொரு போனிலும் வைஃபை விவரத்தைத் திறந்து, பட்டியலில் அந்த Unknown-க்கு இருந்த 192.168.1.14 என்ற ஐபி முகவரி எதில் இருக்கிறது என்று பார்த்தேன்.

உள்ளறையில் சார்ஜில் கிடந்த அப்பாவின் போன். கல்யாண வீடியோக்களை பேக்கப் செய்துகொண்டிருந்தது. நிறுத்தினேன், படம் ஓடியது.

தம்பி இன்னும் என்னோடு பேசவில்லை.