செய்தி பேசுகிறது, படம் ஊமையாக ஓடுகிறது

புதிய சவுண்ட்பாரை எச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவியுடன் இணைத்தேன். பாரிலிருந்து முணுமுணுப்பு கூட இல்லை. கேபிள் சரியான இடத்தில்தான் இருந்தது. டிவியில் ARC என்று அச்சிட்டிருக்கும் போர்ட்டிலிருந்து கிளம்பி, பாரில் HDMI OUT என்ற போர்ட்டில் முடிந்தது. டிவியின் மற்ற எச்டிஎம்ஐ போர்ட்டுகள் ஒலியை வாங்கிக்கொள்ளுமே தவிர, வெளியே அனுப்பாது.

வேறு கேபிள் வாங்கும் முன், டிவி ரிமோட்டில் ஒலியைக் கூட்டிப் பார்த்தேன். திரையில் டிவியின் சொந்த ஸ்பீக்கரின் அளவுதான் ஏறியது. அப்படியென்றால் டிவிக்குப் பார் இருப்பதே தெரியவில்லை. ஏஆர்சி வேலை செய்ய, சிஇசி என்ற கட்டுப்பாட்டு வசதி இரண்டு கருவிகளிலும் இயங்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் சூட்டியிருக்கிறது. அதை ஒலி அமைப்புகளில் வைக்காமல், வெளிக் கருவிகளுக்கான பகுதியில் கொண்டுபோய் ஒளித்து வைப்பது என்ன நியாயமோ! அதை இயக்கி, இரண்டின் மின் இணைப்பையும் பிடுங்கி, சில நிமிடங்கள் கழித்துச் செருகினேன். செய்தி வாசிப்பவரின் குரல் பாரிலிருந்து கணீரென்று வந்தது.

அடுத்த தலைவலி டிவியுடன் இணைத்திருந்த டிஸ்க் பிளேயரில் காத்திருந்தது. டிஸ்க்கின் மெனுவில் இசை கேட்டது. படம் தொடங்கியதும் நின்றுவிட்டது. ஒரே கேபிள், ஒரே போர்ட். மெனு ஒலிக்கிறது என்றால் இணைப்பைச் சந்தேகிக்க இடமில்லை. மாறியது ஒலியின் வடிவம்தான். மெனுவின் இசை டால்பியில் இருந்தது, படத்தின் ஒலித்தடமோ டிடிஎஸ். பிளேயர் Bitstream என்ற அமைப்பில் இருந்ததால் அதைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பியது. டிடிஎஸ்ஸை ஏற்காத டிவிகள் பல உண்டு. என்னுடையதும் அந்த ரகம். பாருக்கு அதைப் பிரிக்கத் தெரிந்திருந்தும், நடுவில் நின்ற டிவி கொடுக்கவில்லை.

உறுதிசெய்துகொள்ள, பிளேயரின் ஒலி வெளியீட்டை PCM என்று மாற்றினேன். உடனே வசனம் கேட்டது. ஆனால் இந்த வழியில் சுற்றொலி போய்விடும். பிளேயரே ஒலியைப் பிரித்து அனுப்பினாலும், சாதாரண ஏஆர்சியில் பிசிஎம் இரண்டு சேனல்களாக மட்டுமே பாருக்குப் போகும். பல சேனல் பிசிஎம் வேண்டுமென்றால் டிவி, பார் இரண்டிலும் ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இருக்க வேண்டும். என் டிவியில் அது இல்லை.

நல்லவேளையாகப் பாரில் HDMI IN என்று தனிப் போர்ட் இருந்தது. பிளேயரை அங்கே செருகி, Bitstream அமைப்புக்கே திரும்பினேன். ஒலியைப் பார் எடுத்துக்கொண்டு, படத்தை மட்டும் டிவிக்கு அனுப்புகிறது. 4கே பிளேயர் வைத்திருப்பவர்கள், 4கே படத்தையும் எச்டிஆரையும் பார் தடையின்றிக் கடத்துமா என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டே இப்படி மாற்ற வேண்டும். அந்தப் போர்ட் இல்லாத பாராக இருந்தால், டிஸ்க்கின் ஒலி மெனுவில் டால்பி டிஜிட்டல் தடம் இருக்கிறதா என்று தேடியிருப்பேன். அது ஏஆர்சியில் 5.1 சேனல்களோடு போகும்.