மாங்கா சீசன் நடுவுல பார்ட்னர் இறந்துட்டா அவர் பங்க எப்படி கணக்கு பண்றது

கிருஷ்ணகிரில ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பாக்கறவங்களுக்கு மாங்கா வியாபார ஃபைல் இல்லாம வருஷம் போகாது. தோப்ப குத்தகைக்கு எடுத்து, பெங்களூரா ரக காய பறிச்சு, மாங்கா கூழ் எடுக்கற பல்ப் ஃபேக்டரிக்கு லோடு அனுப்பற கூட்டு வியாபாரம் இங்க நிறைய. அதுல ஒரு ஃபர்ம்ல நடந்தத எழுதறேன், ஆளுங்க பேரு வேணாம், பெரியவர், நடுவுல இருந்தவர், சின்னவர்னே சொல்றேன். லாபம் 5:3:2. நடுவுல இருந்தவர் ஜூன் 30ஆம் தேதி ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு, அன்னைக்கும் காலைல லோடு ஏத்திட்டுதான் வீட்டுக்கு போயிருக்காரு.

பார்ட்னர் ஒருத்தர் இறந்தா, பார்ட்னருங்க எழுதி வச்ச ஒப்பந்த டீட்ல வேற மாதிரி எழுதலைனா ஃபர்மே கலைஞ்சிடும், 1932 கூட்டாண்மை சட்டம் 42வது பிரிவு அப்படித்தான் சொல்லுது. இவங்க டீட்ல மத்தவங்க தொடர்ந்து நடத்தலாம்னு இருந்துச்சு, குட்வில்லுக்கு, அதாவது வியாபாரத்தோட நல்ல பேருக்கான மதிப்புக்கு, மூணு வருஷ சராசரி லாபத்துல ரெண்டு மடங்குன்னும் இருந்துச்சு. ஆனா இறந்த தேதி வரைக்கும் லாபத்துல பங்குன்னு எழுதினவங்க, அந்த லாபத்த எப்படி கண்டுபிடிக்கறதுன்னு எழுதல. பிரச்சனை அங்கதான் வந்துச்சு.

காரியம் முடிஞ்சதும் பெரியவர் ஆபீஸ் வந்தாரு. "போன வருஷ லாபம் 24 லட்சம், ஏப்ரல் மே ஜூன் மூணு மாசம், நாலுல ஒரு பங்கு 6 லட்சம், அதுல அவனுக்கு பத்துல மூணு, 1 லட்சத்து 80 ஆயிரம், எழுதிக்கோ தம்பி"ன்னாரு. ஏமாத்தணும்னு சொல்லல, அவருக்கு அதுதான் நியாயமா பட்டுச்சு. வருஷம் முழுக்க ஒரே மாதிரி ஓடற மளிகை கடைனா நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். மாங்காய்ல அது எப்படி சரி வரும், வருஷத்து வியாபாரமே ஏப்ரல்ல தொடங்கி ஜூலையோட பெரும்பாலும் முடிஞ்சிடுது, மத்த மாசமெல்லாம் செலவும் வசூலும்தான். மாசத்த வச்சு வகுத்தா அவர் வெயில்ல நின்னு சம்பாதிச்ச லாபத்த, அவர் இல்லாத டிசம்பருக்கும் ஜனவரிக்கும் பிரிச்சு குடுத்த மாதிரி ஆயிடும்.

அதுக்குத்தான் விற்பனைய வச்சு பாக்கற முறை இருக்கு. போன வருஷ விற்பனை 4 கோடி, லாபம் 24 லட்சம், அதாவது நூத்துக்கு 6. இந்த வருஷம் ஜூன் 30 வரைக்கும் லோடு பில்ல கூட்டினா இரண்டரை கோடி. அதுல 6 சதவீதம் 15 லட்சம், அவர் பங்கு 4 லட்சத்து 50 ஆயிரம். ரெண்டு முறைக்கும் நடுவுல 2 லட்சத்து 70 ஆயிரம் வித்தியாசம். சின்னவர் "ஜூன் 30க்கே கணக்க மூடிடலாமே சார்"னு கேட்டாரு, நல்ல கேள்விதான், ஆனா குத்தகை அட்வான்ஸ் முழுசும் கழியல, ஃபேக்டரி கழிவு நோட்டு வரல, அதனால அந்த தேதிக்கு சுத்தமான லாபம் எடுக்க முடியாது. விற்பனை முறைக்கும் ஒரு குறை இருக்கு, இந்த வருஷமும் அதே 6 சதவீதம் நிக்கும்னு நம்பறோம். அதனால ஃபேக்டரி குடுத்த டன் ரேட்டையும் தோப்பு குத்தகையையும் போன வருஷத்தோட ஒப்பிட்டு பாத்தேன், பெரிய மாத்தம் இல்ல. டன் ரேட் பாதியா விழுந்த வருஷமா இருந்திருந்தா 6 சதவீதத்த வச்சிருக்க கூடாது. இதயெல்லாம் நோட்டுல போட்டு காட்டுனதும் பெரியவர் கொஞ்ச நேரம் பாத்துட்டு "சரி, அவன் உழைச்சது அவன் புள்ளைக்கு போகட்டும்"னாரு.

அடுத்து குட்வில். மூணு வருஷ லாபம் 18, 27, 24. அந்த 27ல 6 லட்சம் பழைய இடம் ஒன்ன வித்ததுல வந்தது, அது மாங்கா வியாபாரத்துல வந்த லாபமில்ல, அத கழிச்சிட்டா சராசரி 21, ரெண்டு மடங்கு 42 லட்சம், அவர் பங்கு 12 லட்சத்து 60 ஆயிரம். இத யார் குடுக்கணும்? நிறைய பேர் இருக்கற ரெண்டு பேரோட பழைய விகிதத்துல 5:2ன்னு பிரிச்சிடறாங்க. அது, அவங்க இனிமேலும் 5:2லயே பிரிச்சுக்கிட்டா மட்டும்தான் சரி. இவங்க 3:2ன்னு புதுசா பேசிக்கிட்டாங்க. பெரியவர் பத்துல 5ல இருந்து 6க்கு போறாரு, சின்னவர் 2ல இருந்து 4க்கு. போனவரோட மூணு பங்குல பெரியவருக்கு ஒன்னு, சின்னவருக்கு ரெண்டு கிடைக்குது, அதனால ஆதாய விகிதம் 1:2, குட்வில்ல பெரியவர் 4.2 லட்சம், சின்னவர் 8.4 லட்சம். குட்வில்ல சொத்தா புத்தகத்துல ஏத்தாம ரெண்டு பேர் முதல் கணக்குலயும் பற்று வச்சு போனவர் கணக்குல வரவு வச்சோம். அந்த நாலரை லட்சம் லாபத்தையும் இதே 1:2லதான் வைக்கணும், தற்காலிகமா அனாமத்து கணக்குல போட்டு மார்ச்ல வருஷ லாபத்துல கழிச்சா, சாவுக்கு முன்னாடி வந்த லாபத்தையும் இவங்க ரெண்டு பேரும் 3:2ல பிரிச்சுக்கிட்ட மாதிரி ஆயிடும், அதுல பெரியவருக்கு நஷ்டம்.

சொத்து மறுமதிப்பீட்டுல பைபாஸ் ஓரத்து மனை 20 லட்சம் ஏறுச்சு, வராத கடன் 5 லட்சம் போச்சு, மீதி 15ல அவருக்கு 4.5. ஆக முதல் 14, மறுமதிப்பீடு 4.5, குட்வில் 12.6, லாபம் 4.5, அவர் எடுத்த 60 ஆயிரம் போக 35 லட்சம். அவரோட மனைவி, அந்த அக்கா, "அவரு போட்டது பதினாலு தானே சார்"னு ரெண்டு தடவ கேட்டாங்க, பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வரியா படிச்சு காட்டுனேன்.

பணத்த யார் கைல குடுக்கறதுன்னு ஒன்னு இருக்கு. உயில் எதுவும் இல்ல. எல்லாரும் மனைவி, பிள்ளைன்னே நினைச்சாங்க, ஆனா 1956 இந்து வாரிசுரிமை சட்டப்படி அவரோட அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு, ஊர்ல உயிரோட இருந்தாங்க. தாசில்தார் வாரிசு சான்றிதழ்ல மூணு பேரும் இருக்காங்களான்னு பாத்துட்டு மூணு பேர் கையெழுத்தோடதான் ரசீது வாங்கினோம்.

35 லட்சத்த ஒரே நாள்ல எடுத்தா அடுத்த சீசன் குத்தகைக்கு அட்வான்ஸ் குடுக்க முடியாது. எல்லா பதிவும் போட்டப்புறம் பெரியவர் முதல் 26 லட்சம், சின்னவர் முதல் 5 லட்சம். மொத்த முதல் 45 லட்சம் 3:2ல இருக்கணும்னு பேசி, 27, 18னு வச்சு, பெரியவர் 1 லட்சமும் சின்னவர் 13 லட்சமும் கொண்டு வந்தாங்க. அந்த 14 லட்சம் அப்படியே வாரிசுங்களுக்கு போச்சு. மீதி 21 லட்சம் கடன் கணக்குல, வருஷத்துக்கு 7 லட்சம் வீதம் மூணு தவணை. வட்டி பத்தி டீட்ல ஒன்னும் இல்ல. கணக்கு தீக்காம வியாபாரத்த தொடர்ந்தா, வாரிசுங்க அந்த பணத்தால வந்த லாபத்துல பங்கோ 6 சதவீத வட்டியோ எது வேணுமோ கேக்கலாம்னு 37வது பிரிவு சொல்லுது. அதையே அளவா வச்சு பேசினப்ப அந்த அக்கா வட்டியே போதும்னாங்க, மழை காத்துல பூ உதிர்ந்துட்டா லாபம் எங்க சார்னு கேட்டாங்க. முதல் தவணை 7 லட்சமும் வட்டி 1 லட்சத்து 26 ஆயிரமும் அடுத்த ஜூன் 30ல செக்கா போச்சு, அத சின்னவரே அவங்க வீட்டுக்கு எடுத்துட்டு போய் குடுத்தாரு.