பள்ளி மூடிய பின் அதன் கல்வி நிதியை மீட்ட கதை

நாங்கள் படித்த பள்ளிக்கு ஒரு கல்வி நிதி இருந்தது. அங்கே படிக்கும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கென்று ஒருவர் பத்திரம் எழுதி வைத்த பணம். சேர்க்கை குறைந்து பள்ளியை மூடியதும், வட்டி வாங்க ஆளில்லாமல் வங்கியில் சேர்ந்துகொண்டே போனது. கல்லூரிக் கட்டடம் ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம் என்று டிரஸ்டிகள் தீர்மானம் போட்டார்கள். நல்ல காரியம்தான், ஆனால் பொது அறக்கட்டளையின் நோக்கத்தைத் தீர்மானம் போட்டு மாற்ற அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அதை நீதிமன்றம்தான் செய்ய முடியும்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்படி, அறக்கட்டளையில் அக்கறை உள்ள இருவராவது சேர்ந்து, முதலில் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குப் போடலாம். பழைய மாணவர்கள் நாங்கள் இருவர் வாதிகளானோம். 1976-இல் சேர்க்கப்பட்ட 92(3) உட்பிரிவுதான் எங்கள் பிடிமானம். பத்திரத்தில் சொன்னபடி நோக்கத்தை நிறைவேற்ற முடியாமல் போனால், அதற்கு மிக நெருங்கிய வேறொரு நோக்கத்துக்குப் பணத்தைத் திருப்ப அது வழிவிடுகிறது. இதைத்தான் சி-ப்ரே கோட்பாடு என்கிறார்கள்.

பத்திரம் எழுதியவரின் வாரிசுகள், "பள்ளியே இல்லை, பணம் எங்களுக்கு வரணும்" என்று குறுக்கிட்டார்கள். நான் மிகவும் பயந்தது இதற்குத்தான். எங்கள் வழக்கறிஞர் பத்திரத்தை வரிவரியாகப் படிக்க வைத்தார். பள்ளி நின்றுபோனால் பணம் குடும்பத்துக்குத் திரும்பும் என்று எந்த இடத்திலும் இல்லை. தொடக்கத்திலேயே நோக்கம் நிறைவேற முடியாததாக இருந்திருந்தால், கொடுத்தவருக்குப் பொதுவான தர்ம எண்ணம் இருந்தது என்று நாங்கள் நிரூபிக்க வேண்டியிருந்திருக்கும். இங்கே நிதி பல காலம் நடந்திருக்கிறது, பணம் ஏற்கெனவே முழுதாகத் தர்மத்துக்குப் போய்விட்டது. பிறகு வந்த தடங்கல் அதை வாரிசுச் சொத்தாக்காது. நீதிமன்றமும் அதை ஏற்றது.

பழைய நோக்கத்தை நிறைவேற்ற முடியாமல் போனதையும் காட்டியாக வேண்டும். இதைவிட நல்ல வழி இருக்கிறது என்பது மட்டும் போதாது. பள்ளியை மூடிய உத்தரவு, கடைசி ஆண்டு வருகைப் பதிவேடு, உதவித்தொகை நின்றதைக் காட்டும் வங்கிக் கணக்கு மூன்றையும் தாக்கல் செய்தோம்.

பணம் எங்கே போக வேண்டும் என்பதில்தான் வாதம் நீண்டது. கல்லூரிக் கட்டடம் நெருங்கிய நோக்கம் இல்லை: கொடுத்தவர் நினைத்தது பள்ளிப் பிள்ளைகளை, கட்டடத்தை அல்ல. மூடிய பள்ளியின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார்களோ, அங்கே படிக்கும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குக் கொடுக்கும்படி நாங்கள் ஒரு திட்ட வரைவு வைத்தோம். ஆளும் தேவையும் மாறவில்லை, படிக்கும் இடம் மட்டும்தான் மாறியது. நீதிபதி அதை ஏற்று, மூலதனத்தைத் தொடக் கூடாது, வட்டியை மட்டும் செலவிடலாம், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும் என்று தீர்ப்பாணையில் எழுதினார். தேங்கிய வட்டியும் இந்தத் திட்டத்துக்குள்ளேயே வந்தது.