பஸ் நிறுத்தப் பட்டியல்: முட்டையாகிப் போன வட்டங்கள் சரியாகிவிட்டன

கடலூர்–பாண்டி பஸ் நிறுத்தங்களைக் காட்டும் வலைப்பக்கத்தில் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த ஐகான் தொல்லை ஒருவழியாகத் தீர்ந்தது. ஒவ்வொரு வரியும் `display: flex`. இடப்பக்கம் 40 பிக்சல் வட்டம், அதற்குள் 20 பிக்சல் பஸ் படம், பக்கத்தில் ஒரே பெட்டியாக நிறுத்தத்தின் பெயரும் ஒரு குறிப்பும். தவளக்குப்பம், அரியாங்குப்பம் வரிகளில் வட்டம் அச்சு வார்த்தது போல இருந்தது. குறிப்பு நீளமான ரெட்டிச்சாவடி வரியில் மட்டும் முட்டை வடிவம். `width: 40px` எல்லா வரிக்கும் ஒன்றுதான்.

போனில் பார்த்தபோது எரிச்சலூட்டியது ஒன்று: நீளமான குறிப்பு அழகாக மடிந்து இரண்டாவது வரிக்குப் போயிருந்தது. இடம் இல்லாமல் நெரிசல் ஆன மாதிரியே தெரியவில்லை. பிறகு ஏன் ஐகான் நசுங்க வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்த்ததும் புரிந்தது. திரை 360 பிக்சல். இரு ஓரமும் 16, நடுவே இடைவெளி 12 போக மிச்சம் 316. பிரவுசர் குறிப்பை மடிப்பதற்கு முன்பே, அது ஒரே வரியில் ஓடினால் எவ்வளவு நீளமோ அதைத்தான் அதன் தொடக்க அளவாக எடுத்துக்கொள்கிறது. ரெட்டிச்சாவடி வரிக்கு அது 440. வட்டத்தின் 40-ஐயும் சேர்த்தால் 480. அதாவது 164 பிக்சல் அதிகம். `flex-shrink` சொல்லாமல் விட்டால் 1 என்பதால், அந்த 164-ஐ இருவரும் அவரவர் அளவுக்கேற்ற விகிதத்தில் சுமக்கிறார்கள். வட்டத்தின் பங்கு 164 × 40 ÷ 480, கிட்டத்தட்ட 13.7. மிஞ்சுவது 26.3 அகலம். உயரம் 40-லேயே நிற்கிறது. அதுதான் முட்டை. குறிப்பு இன்னும் நீண்டால் 20 வரை போகும், அதற்குக் கீழே போகாது. உள்ளே இருக்கும் படத்தின் அகலம் தடுத்துவிடும்.

ஃபயர்பாக்ஸில் அந்த வட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஃப்ளெக்ஸ் பகுதியைத் திறந்தால் தொடக்க அளவு, சுருங்கியது, கடைசி அளவு மூன்றும் படமாகவே தெரியும். இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி நான் பார்க்கவில்லை.

அடுத்து `flex-basis: 40px` மட்டும் போட்டுப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அது தொடக்க அளவைத்தான் சொல்கிறது, சுருங்கும் உரிமை அப்படியே இருக்கிறது. சுருக்கமாக `flex: 40px` என்று எழுதினால் இன்னும் மோசம். அதற்கு `1 1 40px` என்று பொருள். சின்னப் பெயர் வரிகளில் மிச்ச இடம் முழுவதையும் பிடித்துக்கொண்டு வட்டம் பட்டையாக நீண்டுவிடுகிறது. மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்:

```css
.vattam {
  flex: 0 0 40px;
  width: 40px;
  height: 40px;
}
.kurippu {
  overflow-wrap: anywhere;
}
```

இதைப் போட்டதும் 164-உம் குறிப்பின் தலையில் விழுந்தது. அது 276 அகலத்தில் மடிந்துகொண்டது. எல்லா வட்டமும் ஒரே அளவு. மேலிருந்து கீழே ஓட்டிப் பார்க்கவே அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

கடைசி வரி எதற்கு என்றால், திருப்பாதிரிப்புலியூருக்காக. வயதானவர்கள் பார்ப்பதற்கு எழுத்தைப் பெரிதாக்கியபோது அந்த ஒற்றைச் சொல்லே இடத்தைத் தாண்டி, பக்கம் பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. எழுத்துப் பகுதி தன் மிக நீளமான சொல்லைவிடக் குறுகாது. முன்பு அந்த அடியில் கொஞ்சத்தை வட்டம் வாங்கிக்கொண்டிருந்தது, இப்போது அது விட்டுக்கொடுப்பதில்லை. `overflow-wrap: break-word` இதற்கு உதவாது, அந்தக் குறைந்தபட்ச அகலத்தை அது குறைப்பதில்லை. `anywhere` குறைக்கும்.

படங்கள் கூகுளின் மெட்டீரியல் சிம்பல்ஸ் தொகுப்பிலிருந்து எடுத்தவை. அப்பாச்சி உரிமம் என்பதால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதிலுள்ள பஸ் நம்மூர் டவுன் பஸ் போலவே இல்லை. முன்கண்ணாடிக்கு மேலே ஊர்ப் பலகை வைத்து நானே ஒன்று வரைய ஆரம்பித்திருக்கிறேன். பலகை 20 பிக்சலில் வெறும் கோடாகிவிடுகிறது, கொஞ்சம் தடிமனாக்க வேண்டும்.

கணினித் திரைக்கு நிறுத்தங்களைக் கிடைமட்டமாக, ரயில் வரைபடம் போல வரிசைப்படுத்தப் போகிறேன். அங்கே வட்டம் மேலே, பெயர் கீழே, அதாவது `flex-direction: column`. திசை மாறியதும் அந்த 40px உயரத்துக்குப் போய்விடும். அகலத்தைப் பார்த்துக்கொள்ள `width: 40px` வேண்டும், அதனால்தான் மேலே அதை எடுக்காமல் விட்டேன். முருங்கப்பாக்கம், மரப்பாலம் இரண்டின் பெயரும் அந்த வரைபடத்தில் ஒன்றோடொன்று இடிக்கின்றன, இப்போது அதில்தான் நிற்கிறேன்.