‘சுருட்டும்’, ‘ஆகும்’: ஒரு வெண்பாவைக் கொண்டுகூட்டும் முறை

பாளையங்கோட்டையில் இளங்கலைத் தமிழ் படித்தபோது செய்யுள் தாளில் எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு பழக்கம். பொழிப்புரை எழுதத் தொடங்குமுன், பாட்டின் சொற்களை உரைநடை வரிசையில் ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுவேன். பழைய உரைகாரர்கள் கொண்டுகூட்டு என்றும் அன்வயம் என்றும் சொல்வது இதைத்தான். இப்போது தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக, நம் ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் பாடிய நீதிநெறி விளக்கத்திலிருந்து ஒரு வெண்பாவை எடுத்துக்கொள்கிறேன்.

நீரிற் குமிழி யிளமை நிறைசெல்வம்
நீரிற் சுருட்டு நெடுந்திரைகள் – நீரில்
எழுத்தாகும் யாக்கை நமரங்கா ளென்னே
வழுத்தாத தெம்பிரான் மன்று

முதலில் புணர்ச்சியைப் பிரிக்க வேண்டும். சீர் பிரிந்திருக்கும் இடத்தில் சொல்லும் பிரிகிறது என்று நம்பக் கூடாது. ‘நமரங்கா ளென்னே’ என்பது நமரங்காள், என்னே. ‘வழுத்தாத தெம்பிரான்’ என்பதில் தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நடுவில் நிற்கும் அந்தத் தகரத்தை விட்டுவிட்டால் ‘வழுத்தாத எம்பிரான்’ என்று ஆகி, இறைவன் எதையோ வாழ்த்தவில்லை என்று உரை எழுத நேரும். தகரத்தைச் சேர்த்துப் பிரித்தால் ‘வழுத்தாதது எம்பிரான்’ என்று வரும். ‘சுருட்டு நெடுந்திரைகள்’ என்பதிலும் ஒரு எழுத்து மறைந்திருக்கிறது. அது ‘சுருட்டும் நெடுந்திரைகள்’. நகரம் வந்ததால் மகரம் கெட்டது.

அடுத்தது வினையைத் தேடுவது. எங்கள் தமிழாசிரியர், “வினையைப் பிடி தம்பி, பிறகு அதனிடமே எது, எதை என்று கேள்” என்பார். இந்தப் பாட்டில் கேட்க வேண்டியவை ‘சுருட்டும்’, ‘ஆகும்’ என்ற இரண்டு. இரண்டும் செய்யும் என்னும் வாய்பாட்டில் அமைந்தவை. அந்த வாய்பாடு பெயரெச்சமாகவும் வரும், முற்றாகவும் வரும். வடிவத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதால்தான் சொற்களைக் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

‘சுருட்டும்’ முற்று என்று வைத்துக்கொள்வோம். ‘நிறைசெல்வம் நீரில் சுருட்டும்’ என்று தொடர் முடிந்துவிடும். ‘நெடுந்திரைகள்’ சேர இடமில்லாமல் தனியே நிற்கும். ஒரு சொல் இப்படி மிஞ்சினால் கூட்டியது தவறு என்பதற்கு அதுவே அடையாளம். ஆகவே ‘சுருட்டும்’ இங்கே பெயரெச்சம், சுருட்டும் திரைகள். செல்வத்துக்குப் பயனிலை அந்தத் திரைகள்தான்.

‘ஆகும்’ இதற்கு நேர் எதிர். அதைப் பெயரெச்சமாகக் கொண்டால் ‘நீரில் எழுத்தாகும் யாக்கை’ என்பது வெறும் தொடராக நிற்கும். யாக்கை என்ன ஆயிற்று என்பதற்கு விடை இராது. முன்னால் இளமைக்கும் செல்வத்துக்கும் பயனிலை சொன்ன புலவர் யாக்கையை மட்டும் அந்தரத்தில் விடமாட்டார். எனவே ‘ஆகும்’ முற்று. யாக்கை எழுவாய், பின்னால் வந்திருக்கிறது. ‘குமிழி இளமை’ என்பதிலும் எழுவாய் பின்னால்தான். செல்வம் மட்டும் முன்னால் நிற்கிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் அவசரத்தில் படிப்பவரை ஏமாற்றுகிறது. அடியின் முடிவும் உதவாது: ‘நிறைசெல்வம்’ முதலடியின் கடைசிச் சீர், ஆனால் இரண்டாம் அடிக்கு உரியது, தனிச்சொல்லான ‘நீரில்’ மூன்றாம் அடியின் எழுத்தோடு சேர வேண்டியது.

மீதியை விரைவில் முடிக்கலாம். நமரங்காள் விளி, அதாவது நம்மவர்களே என்ற அழைப்பு. அதை முன்னே கொண்டுவர வேண்டும். ‘மன்று’ என்பதில் ஐ உருபு மறைந்திருக்கிறது. எதை வழுத்தாதது? மன்றை. ‘என்னே’ என்ற வினா கடைசிக்குப் போகும்.

நமரங்காள்! இளமை நீரில் குமிழி (ஆகும்). நிறைசெல்வம் நீரில் சுருட்டும் நெடுந்திரைகள் (ஆகும்). யாக்கை நீரில் எழுத்து ஆகும். எம்பிரான் மன்று(ஐ) வழுத்தாதது என்னே?

நாமாக வருவித்ததைப் பிறைக்குறிக்குள் போடுங்கள். பிறகு பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் பென்சிலால் தொட்டு, அது இங்கே வந்துவிட்டதா என்று சரிபாருங்கள். இதற்குப் பிறகு பொழிப்புரை தானாக வரும்: நம்மவர்களே! இளமை நீர்க்குமிழியைப் போன்றது. நிறைந்த செல்வம் நீர் சுருட்டி எழுப்பும் பெரிய அலைகளைப் போன்றது. உடல் நீர்மேல் எழுதிய எழுத்தைப் போன்றது. அப்படியிருக்க, எம் இறைவன் ஆடும் அம்பலத்தை நீங்கள் வாழ்த்தாமலிருப்பது ஏன்?

நயம் பாராட்டச் சொல்லும் வினாவுக்கு மட்டும் இந்த வரிசையைத் தொடாதீர்கள். மூன்று முறை ‘நீரில்’ என்பதையே முன்னே வைத்துத் தொடுத்திருக்கிறார் குமரகுருபரர். முதலிரண்டும் அடியின் தொடக்கத்தில் விழுகின்றன, மூன்றாவது தனிச்சொல்லாகத் தனித்து ஒலிக்கிறது. நாம் கூட்டி எழுதிய வரியில் அந்த அமைப்பு கலைந்துவிடுகிறது. அந்த விடைக்கு மூலப் பாட்டையே பார்த்து எழுதுங்கள்.