ஆல்கோவை நிறுத்துவது என்றால் எதை நிறுத்துவது?

நிஃப்டி ஆப்ஷன்களில் ஆல்கோ, அதாவது தானாகவே ஆர்டர் போடும் புரோகிராம், ஓட்டும் ஒரு சின்ன டெஸ்க்கில் என் வேலை கில் ஸ்விட்ச் பக்கம். அன்றைய நஷ்டம் ஒரு எல்லையைத் தாண்டினாலோ, ஆர்டர் பிழைகள் குவிந்தாலோ ஆல்கோவை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். கேட்கும்போது நாலு வரி கோடு மாதிரிதான் இருக்கும்.

முதல் தொல்லை நஷ்டத்தைக் கணக்கிடுவதிலேயே வரும். மூடிய டிரேடுகளின் நஷ்டத்தை மட்டும் பார்த்தால் பிரயோஜனம் இல்லை, கையில் திறந்திருக்கும் பொசிஷனின் எம்டிஎம்மையும், அதாவது இப்போதைய விலையில் அதன் லாப நஷ்டத்தையும், சேர்க்க வேண்டும். ஆனால் எந்த விலையில்? ஒரு புட் ஆப்ஷனை 120 ரூபாய்க்கு 4 லாட் விற்றிருக்கிறோம், அப்போது லாட்டுக்கு 75, மொத்தம் 300. எல்லை 50,000 ரூபாய். யாரோ பெரிய மார்க்கெட் ஆர்டர் போட்டு ஒரே ஒரு டிரேடு 310-இல் நடந்து, அடுத்த டிரேடே 122-க்குத் திரும்பிவிட்டது. கடைசி விலையை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த ஒரு நொடியில் நஷ்டம் 57,000, ஸ்விட்ச் விழுந்துவிடும். அதனால் விற்ற பொசிஷனுக்கு ஆஸ்க் விலை, வாங்கியதற்கு பிட் விலை, அதுவும் சில நொடிகளாவது தொடர்ந்து எல்லைக்கு வெளியே இருந்தால்தான் நஷ்டம் என்று வைத்தோம். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: விலை வரும் ஃபீட் உறைந்துபோனால் நஷ்டம் அசையவே அசையாது, திரையில் எல்லாம் அமைதியாகத் தெரியும். ஆகவே விலை பழசாகிவிட்டாலும் நிறுத்து என்று ஒரு விதி.

பிழை எண்ணிக்கையில் எல்லாப் பிழையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கேன்சல் அனுப்புவதற்குள் ஆர்டர் நிறைவேறி, அந்த கேன்சல் ரிஜெக்ட் ஆவது தினமும் நடப்பது, அதை எண்ணுவதில்லை. மார்ஜின் போதாமல் ரிஜெக்ட் ஆகி, ஆல்கோ அதே ஆர்டரைத் திரும்பத் திரும்ப அனுப்புவதுதான் எண்ண வேண்டியது. எல்லாவற்றையும்விட மோசமானது டைம்அவுட், ஏனென்றால் ஆர்டர் போனதா இல்லையா என்றே தெரியாது. ஆர்டர் புக்கைப் பார்க்காமல் மறுபடி அனுப்பினால் பொசிஷன் இரட்டிப்பாகும்.

சரி, எல்லை தாண்டிவிட்டது, அப்புறம்? இங்கேதான் வரிசை முக்கியம். முதலில் நின்றுவிட்டோம் என்பதை டிஸ்க்கில் எழுத வேண்டும். ஆல்கோ `Restart=always` என்று systemd-க்குக் கீழே ஓடுகிறது, நிறுத்திய செய்தி நினைவகத்தில் மட்டும் இருந்தால் புரோகிராம் செத்து எழுந்ததும் ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஆர்டர் போட ஆரம்பிக்கும். சோதனையும் ஆல்கோவுக்குள் இருக்கக் கூடாது, ஆர்டர் வெளியே போகும் வாசலில் தனி புராசஸாக இருக்க வேண்டும்:

```
if HALT_FILE.exists() and not order.closes_position:
    return reject("halted")
```

அடுத்து காத்திருக்கும் ஆர்டர்களை கேன்சல் செய்வது, அதன் பிறகே பொசிஷனை மூடும் ஸ்கொயர் ஆஃப். மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? அந்த 300 புட்டுக்கு 150-இல் ஸ்டாப்லாஸ் வாங்கும் ஆர்டர் காத்திருக்கிறது. முதலில் 300 வாங்கிப் பொசிஷனை மூடிவிட்டோம், கேன்சல் போய்ச் சேருவதற்குள் விலை 150-ஐத் தொட்டது, இப்போது நம் கையில் யாரும் பார்த்துக்கொள்ளாத 300 புட் லாங். ஆல்கோ வேறு தூங்குகிறது. கேன்சல் அனுப்பினால் மட்டும் போதாது, காத்திருக்கும் ஆர்டர் ஒன்றும் இல்லை என்று ஆர்டர் புக் சொல்லும் வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். மூடும்போதும் விற்றதை முதலில் வாங்கிவிட்டு, பிறகுதான் அதற்குப் பாதுகாப்பாக வாங்கிய ஹெட்ஜை விற்க வேண்டும். ஹெட்ஜை முதலில் விற்றால் மார்ஜின் தேவை ஏறி, ஆர்டரே ரிஜெக்ட் ஆகலாம்.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை நைட் கேப்பிடல் என்ற அமெரிக்க டிரேடிங் நிறுவனத்துடையது. 2012 ஆகஸ்ட் 1, எட்டு சர்வரில் ஒன்றுக்குப் புதிய கோடு போகவில்லை, அதில் கிடந்த பழைய கோடு உயிர்பெற்று சுமார் 45 நிமிடம் ஆர்டர்களைக் கொட்டியது, நஷ்டம் 44 கோடி டாலருக்கு மேல். பழைய கோடு பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், எனக்கு உறுத்துவது வேறு. தவறான டிரேடுகள் போய்ச் சேர்ந்த கணக்குக்கு 20 லட்சம் டாலர் எல்லை இருந்தது, ஆனால் அதைத் தாண்டினால் ஆர்டரைத் தடுக்கும் எதனோடும் அது இணைக்கப்படவில்லை. போதாததற்கு, பதற்றத்தில் சரியாக இருந்த ஏழு சர்வரிலிருந்தும் புதிய கோடை எடுத்துவிட்டார்கள், நிலைமை இன்னும் மோசமானது.

ஸ்விட்ச் விழுந்ததும் எங்கள் டெஸ்க்கில் வரும் முதல் குரல், "அண்ணே, லிமிட்டைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க, மார்க்கெட் திரும்பிடும்". பிழையால் விழுந்திருந்தால் காரணத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் சேர்ந்து திறக்கலாம். நஷ்டத்தால் விழுந்திருந்தால், நிறுத்தியதை டிஸ்க்கில் எழுதிய ஃபைலை அழித்தாலும் அன்றைய நஷ்டக் கணக்கு பூஜ்யமாகாது, சில நொடிகளில் மறுபடி விழும். எல்லையை மாற்றும் ஃபைலும் காலை 9:15-க்கு முன் ஒருமுறைதான் படிக்கப்படும்.