ரைட்டிங் தேர்வில் 'குட்', 'பேட்', 'இம்பார்ட்டன்ட்' மூன்றையும் குறைத்த கதை

கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே, பிரிட்டன் போவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதினேன். அங்குள்ள நர்சிங் கவுன்சிலுக்கு ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். மற்றவை சுலபமாக வந்தன. ரைட்டிங் பயிற்சிக் கட்டுரைகளில் மட்டும் 'குட்', 'பேட்', 'இம்பார்ட்டன்ட்' என்ற மூன்று சொற்களைச் சுற்றி சிவப்பு வட்டங்கள் விழுந்துகொண்டே இருந்தன.

புதுச்சேரியில் நான் போன பயிற்சி மையத்தில் இதற்கு மருந்தாக ஒரு தாள் கொடுத்தார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பத்துப் பதினைந்து மாற்றுச் சொற்கள். என்னோடு கடலூரிலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா ஒருவர் அதை முழுசாக மனப்பாடம் செய்துவிட்டார். சுற்றுலா பற்றிய கட்டுரையில் அவருடைய முதல் வரைவு இப்படி இருந்தது: “டூரிசம் இஸ் குட் ஃபார் லோக்கல் பீப்பிள், பட் இட் ஹாஸ் பேட் எஃபெக்ட்ஸ் ஆன் தி என்விரான்மென்ட். ஸோ குட் ரூல்ஸ் ஆர் வெரி இம்பார்ட்டன்ட்.” தாளைப் பார்த்து 'குட்' இருந்த இடத்தில் 'சலூப்ரியஸ்' போட்டார், 'பேட்' இருந்த இடத்தில் 'நெஃபேரியஸ்' போட்டார். முதலாவது, உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் காற்று, ஊர் போன்றவற்றுக்குச் சொல்வது. இரண்டாவது, சதி வேலை மாதிரியான அக்கிரமத்துக்குச் சொல்வது. இலக்கணம் சரியாக இருந்தும், படிக்கிறவருக்கு வாக்கியம் விநோதமாகத் தெரியும். சொல்வளத்துக்கு மதிப்பெண் போடும்போது, ஒரு சொல் பக்கத்துச் சொல்லோடு பொருந்துகிறதா என்பதையும் பார்க்கிறார்கள். அதனால் அரிய சொல் என்பதற்காக மட்டும் மதிப்பெண் வராது.

எனக்கு வழி வார்டில் கிடைத்தது. டியூட்டி மாற்றும்போது யாரும் “பேஷன்ட் குட்” என்று எழுத மாட்டோம். காய்ச்சல் இல்லை, வாய்வழி திரவம் எடுத்துக்கொண்டார் என்று நடந்ததை எழுதுவோம். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் 'அட்வர்ஸ் ரியாக்ஷன்', நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் 'வைட்டல் சைன்ஸ்'. அந்த 'வைட்டல்' இடத்தில் 'க்ரூஷியல்' போட்டால், கூட வேலை செய்யும் எவருக்கும் காது உறுத்தும். கட்டுரையிலும் இதையே செய்யலாமே என்று தோன்றியது.

அதற்கப்புறம் 'குட்' வந்த இடத்தில் வேறு சொல் தேடுவதை விட்டுவிட்டு, “எந்த வகையில் நல்லது?” என்று கேட்டுப் பார்த்தோம். சுற்றுலாவால் உள்ளூர்க்காரர்களுக்கு என்ன கிடைக்கிறது? வருமானம். நான் 'ஸ்டெடி இன்கம்' என்று எழுதினேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “ஏம்மா, பாண்டியில கூட்டமே சனி ஞாயிறுதானே? இதுல எங்க ஸ்டெடி?” என்றார். அவர் சொன்னது சரி. 'எக்ஸ்ட்ரா இன்கம்' என்று மாற்றினோம். இரண்டுமே எளிய சொற்கள்தான், ஆனால் இரண்டாவதுதான் உண்மை. 'பேட் எஃபெக்ட்ஸ்' எதன் மேல் என்று கேட்டதும் தண்ணீர் நினைவுக்கு வந்தது. கடைசியில் இப்படி ஆயிற்று: “டூரிசம் கிவ்ஸ் லோக்கல் ஃபேமிலீஸ் அன் எக்ஸ்ட்ரா இன்கம், பட் இட் புட்ஸ் ப்ரெஷர் ஆன் தி வாட்டர் சப்ளை. ஸ்ட்ரிக்ட் ரூல்ஸ் ஆன் போர்வெல்ஸ் ஆர் தேர்ஃபோர் நீடட்.” மூன்று சொற்களும் காணாமல் போய்விட்டன. அவற்றின் இடத்தில் 'கிவ்ஸ்', 'புட்ஸ் ப்ரெஷர்', 'நீடட்' என்று வினைகள் வந்திருந்தன. உரிச்சொல்லாக மாற்றியது 'ஸ்ட்ரிக்ட்' ஒன்றுதான்.

அந்த 'ஸ்ட்ரிக்ட்' பட்டியலிலிருந்து வந்ததில்லை. ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியில் 'குட்' என்று தேடாமல் 'ரூல்' என்ற பெயர்ச்சொல்லைத் தேடினால், அதோடு வழக்கமாக வரும் சொற்கள் எடுத்துக்காட்டு வாக்கியங்களிலேயே கிடைக்கின்றன. 'எஃபெக்ட்' என்று தேடினால் 'ஹார்ம்ஃபுல்', 'அட்வர்ஸ்' வரும். 'அட்வைஸ்' என்று தேடினால் 'சவுண்ட்' வரும். இப்படித் தேடியதை நோட்டில் தனிச்சொல்லாக எழுதாமல் ஜோடியாகவே எழுதி வைத்தோம். கூடவே வரும் சிறு சொல்லையும் விடக்கூடாது: 'டெட்ரிமென்டல்' வந்தால் அதன் பின்னால் 'டு'தான், 'ஃபார்' வராது. 'க்ரூஷியல்' முன்னால் 'வெரி' சேர்க்க வேண்டியதில்லை, அந்த அழுத்தம் அதற்குள்ளேயே இருக்கிறது.

தேர்வில் இரண்டாம் கட்டுரைக்குச் சுமார் 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள். எழுதும்போதே சொல் தேடி நின்றால் யோசனை அறுந்துவிடும். அதனால் முதலில் 'குட்' என்றே எழுதிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவேன். கணினியில் எழுதினாலும் எழுத்துப்பிழையைக் காட்டும் வசதி கிடையாது. எழுத்துக்கூட்டலிலோ ஜோடியிலோ சந்தேகம் வந்தால் 'இம்பார்ட்டன்ட்' அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். தலைப்பிலேயே உள்ள சொல்லையும் மாற்றத் தேவையில்லை. சுற்றுலா பற்றிய கட்டுரையில் 'டூரிசம்' பலமுறை வரத்தான் செய்யும். எனக்கு ரைட்டிங்கில் 7 வந்தது. அந்தக் கட்டுரையிலும் 'இம்பார்ட்டன்ட்' ஓரிடத்தில் இருந்தது.